கோணத்தைப் பாதியாக்கும் கோடு பக்கத்தை எப்படிப் பிரிக்கிறது?

(பொதுமக்களுக்கான கணிதச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எல்லோரும் ஒரு தாள், பென்சில், அளவுகோல், காம்பஸ் கொண்டுவாருங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பேசப்போகும் விஷயத்தைக் காதால் மட்டும் கேட்டால் பாதிதான் நிற்கும். கையால் வரைந்தால்தான் மீதியும் சேரும். எனவே முதலில் ஒரு முக்கோணம் வரைந்துகொள்வோம்.

BC என்று 10 செ.மீ நீளத்தில் ஒரு கோடு போடுங்கள். காம்பஸின் முள்ளை B-யில் ஊன்றி 9 செ.மீ ஆரத்தில் ஒரு வில். பிறகு C-யில் ஊன்றி 6 செ.மீ ஆரத்தில் இன்னொரு வில். இரண்டும் வெட்டுகிற இடத்துக்கு A என்று பெயர் வையுங்கள். AB 9, AC 6, BC 10. முக்கோணம் தயார். இப்போது A-யில் இருக்கும் கோணத்தை இரண்டு சம பங்காகப் பிரிக்கும் கோட்டை, அதாவது கோண இருசமவெட்டியை, வழக்கம்போலக் காம்பஸால் வரையுங்கள். அந்தக் கோடு கீழே இறங்கி BC-ஐ ஓர் இடத்தில் தொடும். அந்த இடத்தை D என்போம்.

அளவுகோலை வைப்பதற்கு முன் ஒரு நொடி ஊகியுங்கள். D எங்கே இருக்கும்? கோணத்தைச் சரிபாதியாக வெட்டிய கோடு பக்கத்தையும் சரிபாதியாகத்தான் வெட்டும் என்று மனம் சொல்லும். அப்படியானால் D, B-யிலிருந்து 5 செ.மீ தள்ளி இருக்க வேண்டும். அளந்து பாருங்கள். 6 செ.மீ வருகிறது. D-யிலிருந்து C-க்கு 4 செ.மீ. நடுப்புள்ளியைத் தாண்டி ஒரு முழு சென்டிமீட்டர் நகர்ந்து, சின்னப் பக்கமான AC-யின் பக்கமாக D ஒதுங்கி நிற்கிறது.

6-க்கு 4, 9-க்கு 6. இரண்டும் 3-க்கு 2. கோணத்தின் இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தை, அந்தக் கோணத்தை அடக்கிய இரண்டு பக்கங்களின் விகிதத்திலேயே பிரிக்கிறது. BD/DC = AB/AC. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் தேல்ஸ் தேற்றத்தை அடுத்து வருகிற கோண இருசமவெட்டித் தேற்றம் இதுதான். AB, AC இரண்டும் சமமாக இருக்கும்போது மட்டும் D நடுவில் வந்து நிற்கும். மற்ற எல்லா முக்கோணங்களிலும் அது நடுவை விட்டு விலகித்தான் இருக்கும்.

சிலருக்கு 5.9 வந்திருக்கும், சிலருக்கு 6.1. அதில் தவறொன்றும் இல்லை. இந்தப் படத்தில் A-யிலிருந்து D ஏறக்குறைய 5.5 செ.மீ தூரத்தில் இருக்கிறது. இருசமவெட்டி ஒரே ஒரு பாகை பிசகினால் D கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால்தான் அளந்து பார்த்தது நிரூபணம் ஆகாது. 6-ஐ ஒட்டி வருகிறது என்பதைத்தான் அளவுகோல் சொல்லும். 6-தான், வேறெதுவும் இல்லை என்பதை நாம் காரணத்தோடு காட்டியாக வேண்டும்.

நிரூபணத்துக்குப் போகுமுன், பலர் முதலில் கால்வைக்கிற ஒரு தவறான வழியைச் சொல்லிவிடுகிறேன். படத்தைப் பார்த்ததும், ABD, ACD என்ற இரண்டு சின்ன முக்கோணங்களும் வடிவொத்தவை, ஆகவே பக்கங்கள் விகிதசமம் என்று எழுதிவிடத் தோன்றும். A-யில் இரண்டிலும் சமகோணம், AD இரண்டுக்கும் பொது, விடையும் சரியாகவே வந்து நிற்கிறது. ஆனால் அந்த முக்கோணங்கள் வடிவொத்தவை அல்ல. D-யில் இருக்கும் இரண்டு கோணங்களைப் பாருங்கள். அவை ஒரே நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து நிற்பதால் கூடினால் 180° ஆக வேண்டும். நம் படத்தில் ஒன்று ஏறக்குறைய 103°, மற்றது 77°. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 90° ஆக இருக்க வேண்டும்; அது AB = AC ஆகும்போதுதான் நடக்கும். சரி, D-யில் உள்ள கோணம் C-யில் உள்ள கோணத்துக்குச் சமமாகலாமே என்றால், அதுவும் முடியாது. ADB என்பது ADC முக்கோணத்தின் வெளிக்கோணம். அது C-யை விட எப்போதும் பெரியது. விடை சரியாக இருந்தும் காரணம் தவறாக இருக்கிற இந்த இடத்தில் மாணவரை நிறுத்திப் பேசுகிற ஆசிரியருக்கு என் தனி மரியாதை உண்டு.

இனி சரியான வழி. யூக்ளிட் ஏறக்குறைய கி.மு. 300-ஐ ஒட்டித் தொகுத்த ‘மூலங்கள்’ நூலின் ஆறாம் புத்தகத்தில் இது மூன்றாவது கூற்று.  அங்கே உள்ள நிரூபணத்தில் எல்லோரையும் திகைக்க வைப்பது ஒரே ஒரு வரி: ‘C வழியாக DA-வுக்கு இணையாக ஒரு கோடு வரைக.’ ஏன் வரைய வேண்டும்? யாருக்கு இது முதலில் தோன்றியிருக்கும்? அந்த வரியை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அது எங்கிருந்து வருகிறது என்று நாம் பார்ப்போம்.

நமக்கு இரண்டு விகிதங்கள் சமம் என்று காட்ட வேண்டும். BD, DC இரண்டும் ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஆனால் AB, AC அப்படி இல்லை. A-யில் மடங்கி இரண்டு திசையில் போகின்றன. நம் கையில் இருக்கும் கருவியோ தேல்ஸ் தேற்றம். ஒரு முக்கோணத்தின் பக்கத்துக்கு இணையாகக் கோடு வரைந்தால் அது மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கருவி வேலை செய்ய வேண்டுமானால், ஒரு கோட்டில் BD-யும் DC-யும் இருப்பதுபோல, இன்னொரு கோட்டில் AB-யும் AC-யும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அப்படியென்றால் செய்ய வேண்டியது தெளிவாகிவிடுகிறது. மடங்கிக் கிடக்கும் AC-யை நிமிர்த்தி, BA-வின் நீட்சியில் படுக்க வைக்க வேண்டும். இணைகோடு அதைத்தான் செய்கிறது.

உங்கள் தாளில் BA-வை A-வுக்கு அப்பால் நீட்டுங்கள். C வழியாக DA-வுக்கு இணைகோடு போடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடம் E. இப்போது AE-யை அளந்து பாருங்கள். 6 செ.மீ. AC-யின் நீளமேதான்.

ஏன் என்று பார்ப்போம். DA-வும் CE-யும் இணை. BE என்ற கோடு இரண்டையும் வெட்டிப் போகிறது; ஆகவே ∠BAD = ∠AEC, ஏனென்றால் அவை ஒத்த கோணங்கள். AC என்ற கோடும் அந்த இரண்டு இணைகோடுகளை வெட்டுகிறது; ஆகவே ∠DAC = ∠ACE, ஏனென்றால் அவை ஒன்றுவிட்ட கோணங்கள். AD இருசமவெட்டி என்று நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பதால் ∠BAD = ∠DAC. எனவே ∠AEC = ∠ACE. ஒரு முக்கோணத்தில் இரண்டு கோணங்கள் சமமானால் அவற்றுக்கு எதிரே உள்ள பக்கங்களும் சமம். ஆகவே AE = AC.

மிச்சம் ஒரு வரிதான். BEC என்ற பெரிய முக்கோணத்தில் AD என்பது EC-க்கு இணை. தேல்ஸ் தேற்றப்படி BD/DC = BA/AE. AE-யின் இடத்தில் AC-யைப் போட்டால் BD/DC = AB/AC. நிரூபணம் முடிந்தது.

மாணவர்கள் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். நிரூபணம் முடிந்ததும், கொடுக்கப்பட்ட செய்தி எந்த வரியில் பயன்பட்டது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். இங்கே அது ஒரே ஒரு இடத்தில் வருகிறது. இணைகோடு தந்த இரண்டு ஜோடிக் கோணங்களையும் முடிச்சுப் போடுகிற இடம் அது. அந்த வரியை எடுத்துவிட்டால் AD எந்தக் கோடாக இருந்தாலும் BD/DC = BA/AE என்பது மட்டும் நிற்கும்; AE-க்கும் AC-க்கும் உறவு அறுந்துவிடும்.

இன்னொரு நிரூபணமும் உண்டு. என் மனத்துக்கு நெருக்கமானது அதுதான். அதற்கு இணைகோடும் வேண்டாம், தேல்ஸும் வேண்டாம். பரப்பளவு போதும்.

ABD, ACD என்ற இரண்டு முக்கோணங்களின் பரப்பை இரண்டு விதமாகப் பார்ப்போம். முதலில் BD-யையும் DC-யையும் அடிப்பக்கமாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உச்சி A, உயரம் ஒன்றே. உயரம் சமமாக இருந்தால் பரப்புகள் அடிப்பக்கங்களின் விகிதத்தில் இருக்கும். ஆகவே பரப்புகளின் விகிதம் BD : DC.

இப்போது தாளைத் திருப்பிப் பிடித்து, அதே இரண்டு முக்கோணங்களுக்கு AB-யையும் AC-யையும் அடிப்பக்கமாக வையுங்கள். இப்போது உச்சி D. D-யிலிருந்து AB-க்கு ஒரு செங்குத்து, AC-க்கு ஒரு செங்குத்து. D இருசமவெட்டியின் மேல் இருப்பதால் இரண்டு செங்குத்துகளும் ஒரே நீளம். அந்தச் செங்குத்துகளால் உருவாகும் இரண்டு செங்கோண முக்கோணங்களுக்கும் கர்ணம் AD பொது, A-யில் உள்ள கோணங்கள் சமம், ஆகவே அவை சர்வசமம். உயரங்கள் சமமாகிவிட்டதால் பரப்புகளின் விகிதம் AB : AC. அதே இரண்டு பரப்புகளுக்கு இரண்டு விகிதங்கள் கிடைத்திருக்கின்றன. அவை சமமாகத்தானே இருக்க வேண்டும்? BD : DC = AB : AC.

கோணம் பாதியானதால் பக்கம் ஏன் பாதியாகவில்லை என்று தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இந்த நிரூபணம் நேராகப் பதில் சொல்கிறது. இருசமவெட்டி சமமாக்குவது நீளத்தையும் அல்ல, பரப்பையும் அல்ல. இரண்டு பக்கங்களிலிருந்தும் உள்ள செங்குத்துத் தூரத்தைத்தான் அது சமமாக்குகிறது. தூரம் சமமான பிறகு, நீளமான பக்கத்தின் மேல் நிற்கும் முக்கோணம் பெரிதாகவே இருக்கும். அதற்கு BC-யில் நீளமான பங்கு போய்ச் சேரும். யூக்ளிடின் ஆறாம் புத்தகத்தில் முதல் கூற்றே உயரம் சமமான முக்கோணங்களின் பரப்பைப் பற்றியதுதான். அதனால் இந்த நிரூபணம் அந்தப் புத்தகத்தின் வாசலிலேயே கிடைக்கிறது.

மறுதலையையும் சொல்லிவிட வேண்டும். D என்ற புள்ளி BC-யை AB : AC விகிதத்தில் பிரித்தால் AD கோணத்தின் இருசமவெட்டியா? ஆம், D என்பது B-க்கும் C-க்கும் நடுவே இருக்கும்வரை. ஒரு கோட்டுத்துண்டை உள்ளே ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் பிரிக்கும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். இருசமவெட்டியின் கால் அந்த விகிதத்தில் பிரிக்கிறது என்று காட்டிவிட்டோம். ஆகவே நம் D அதே புள்ளிதான். ‘நடுவே’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் தவறு வரும். நம் படத்தில் BC-யை C-க்கு அப்பால் 20 செ.மீ நீட்டினால் அங்கே ஒரு புள்ளி இருக்கிறது. B-யிலிருந்து 30, C-யிலிருந்து 20. அதுவும் 3-க்கு 2-தான். ஆனால் A-யிலிருந்து அதற்குப் போகும் கோடு, A-யின் வெளிக்கோணத்தை இருசமமாக வெட்டுகிற கோடு.

கணக்குப் போடும்போது BD-யை நேராகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அப்போது BC-யை 9 + 6 = 15 பங்காக நினைத்து, அதில் 9 பங்கை எடுத்தால் போதும்: 10 × 9/15 = 6. பொதுவாக BD = BC × AB/(AB + AC). விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமா என்ற சந்தேகம் வந்தால், நீளமான துண்டு நீளமான பக்கத்தை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வாய்ப்பாட்டில் வந்திருக்கும் AB + AC என்ற கூட்டலை நன்றாகக் கவனியுங்கள். யூக்ளிடின் படத்தில் அது கண்ணுக்கே தெரியும். BE என்ற நீண்ட கோடு அதுதானே. 9-ஐயும் நிமிர்த்தி வைத்த 6-ஐயும் சேர்த்த 15. இந்தத் தேற்றத்தின் உண்மையான வலிமை இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. அதைக் கண்டு பயன்படுத்தியவர் ஆர்க்கிமிடீஸ்.

சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரத்தில் வாழ்ந்து கி.மு. 212-இல் இறந்தவர் அவர். ‘வட்டத்தின் அளவீடு’ என்ற அவருடைய சிறு நூலில், வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் 3 1/7 மடங்கை விடக் குறைவு, 3 10/71 மடங்கை விட அதிகம் என்று காட்டினார். பள்ளியில் நாம் π-க்கு 22/7 என்று போடுகிறோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. அதை அவர் எப்படிச் செய்தார்? வட்டத்தைச் சுற்றி அதைத் தொட்டு நிற்கும் ஒழுங்கு அறுகோணத்தில் தொடங்கி, பக்கங்களை 12, 24, 48, 96 என்று இரட்டித்துக்கொண்டே போனார். பக்கங்களை இரட்டிப்பது என்றால் மையத்தில் உள்ள கோணத்தைப் பாதியாக்குவது. சைன், கொசைன் அட்டவணை எதுவும் இல்லாத காலம். அவர் கையில் இருந்தது நம் தேற்றமும் பிதாகரஸ் தேற்றமும்.

ஒரு படியை முழுதாகப் பார்ப்போம். O வட்ட மையம். A வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. A-யில் தொடுகோடு வரைந்து, O-வில் 30° கோணம் வரும்படி அதன்மேல் C-யைக் குறிக்கிறார். AC என்பது அறுகோணத்தின் பக்கத்தில் பாதி. OAC ஒரு செங்கோண முக்கோணம், செங்கோணம் A-யில். 30° உள்ள செங்கோண முக்கோணத்தில் கர்ணம் OC என்பது AC-யைப்போல் இரண்டு மடங்கு; OA என்பது √3 மடங்கு. √3-க்கு அவர் எடுத்துக்கொண்ட பின்னம் 265/153. சரிபாருங்கள்: 265-இன் வர்க்கம் 70225, 153-இன் வர்க்கத்தைப்போல் மூன்று மடங்கு 70227. இரண்டே இரண்டு குறைகிறது. ஆகவே AC-யை 153 என்று வைத்தால் OC சரியாக 306. OA, 265-ஐ விடக் கொஞ்சம் அதிகம்.

இப்போது O-வில் உள்ள கோணத்தை OD என்ற கோட்டால் பாதியாக்குகிறார். D, AC-யின் மேல் இருக்கிறது. நம் தேற்றப்படி CD : DA = OC : OA. முன்பு BD-யைக் கண்டுபிடித்த அதே கூட்டலைச் செய்தால் OA : AD = (OC + OA) : AC. அதாவது OA : AD என்ற விகிதம் 306 + 265 = 571-க்கு 153 என்பதை விட அதிகம். அவ்வளவுதான், 15° கோணம் கைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு கூட்டல்!

அடுத்த படிக்குக் கர்ணம் OD வேண்டும். இந்த இடத்தில் பலர் தடுமாறுவார்கள். காரணம், அளவின் அலகு மாறுகிறது. இனி 153 என்பது AC அல்ல, புதிய சின்னப் பக்கமான AD. அந்த அலகில் OA, 571-க்கு மேல். பிதாகரஸ்படி 571-இன் வர்க்கத்தையும் 153-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 349450; அதன் வர்க்கமூலம் 591⅛-க்குச் சற்று மேல். மறுபடி கோணத்தைப் பாதியாக்கினால் 571 + 591⅛ = 1162⅛. கர்ணம் 1172⅛, கூட்டினால் 2334¼. கர்ணம் 2339¼, கூட்டினால் 4673½. நான்கு முறை பாதியாக்கியாயிற்று. 30°, 15° ஆகி, 7½° ஆகி, 3¾° ஆகி, 1⅞°-இல் வந்து நிற்கிறது.

ஒவ்வொரு படியிலும் கர்ணத்தை உண்மையை விடக் கொஞ்சம் குறைத்தே எடுத்திருக்கிறார். ஒரு படியில் குறைத்து, இன்னொரு படியில் கூட்டி எடுத்திருந்தால் இறுதி விடை உண்மைக்கு மேலா கீழா என்று சொல்ல முடியாமல் போயிருக்கும். பின்னங்களைத் தோராயமாக எடுக்கும்போது அவர் காட்டிய இந்த நெறிதான் விடையை நிரூபணமாக்குகிறது.

1⅞° என்பது 96 பக்கங்கள் கொண்ட பலகோணத்தில் பாதிப் பக்கத்துக்கு உரிய கோணம். பாதிப் பக்கம் 153 என்றால் ஆரம் 4673½-க்கு மேல். ஆகவே சுற்றளவு, விட்டத்தைப்போல் 153 × 96 = 14688-ஐ 4673½-ஆல் வகுத்து வரும் மடங்கை விடக் குறைவு. மூன்று முறை போக மீதி 667½. அது 4673½-இல் ஏழில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் குறைவு. வட்டமோ அந்தப் பலகோணத்துக்கு உள்ளே அடங்கியிருக்கிறது. அதன் சுற்றளவு இன்னும் சிறியது. ஆகவே π, 3 1/7-ஐ விடக் குறைவு.

மறுபக்க எல்லையான 3 10/71-ஐ அவர் வட்டத்துக்கு உள்ளே வரைந்த பலகோணத்தால் கண்டுபிடித்தார். அங்கேயும் கோணத்தைப் பாதியாக்குவது இதே தேற்றம்தான். மாணவர்கள் அதை வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வட்டத்தின் விட்டம்தான் அங்கே கர்ணம். தொடக்க எண்கள் மூன்று: 30° கோணத்துக்கு எதிர்ப்பக்கம் 780, கர்ணம் 1560, மற்றொரு பக்கம் 1351-ஐ விடச் சற்றுக் குறைவு. இந்த முறை ஒவ்வொரு கர்ணத்தையும் உண்மையை விடச் சற்றுக் கூட்டியே எடுங்கள். முதல் கூட்டலில் 2911 வர வேண்டும்.